பலூன் மாட்டியும் நிறுவை குறைவது ஏன்? ஒரு வகுப்பறைக் காணொளிக்கான செய்முறை

வினாகிரியில் அப்பச்சோடாவைப் போட்டு பலூனை ஊதவைக்கும் காணொளிகள் நிறைய உண்டு. பெரும்பாலானவை பலூன் ஊதியதோடு முடிந்துவிடும். அதே போத்தலைத் தராசில் வைத்துப் படம் பிடித்தால் மாணவர்கள் கொஞ்சம் தடுமாறுவார்கள். திருகோணமலையில் சாதாரண தரப் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிற யாரும் ஒரு பாடவேளைக்குள் எடுத்துவிடக்கூடிய ஏழு நிமிடக் காணொளி இது. படம் பிடிக்க ஒரு கைத்தொலைபேசி போதும்.

தேவையானவை

ஒரு லீற்றர் பிளாஸ்டிக் தண்ணீர்ப் போத்தல், கடையில் கிடைக்கும் சாதாரண வினாகிரி 200 மில்லிலீற்றர், அப்பச்சோடா 8 கிராம் (இரண்டு தேக்கரண்டிக்குச் சற்றுக் குறைவு), ஒரே அளவான இரண்டு பலூன்கள், பலூன் பம்ப், தையல் அளவுநாடா, 0.1 கிராம் வரை காட்டும் இலத்திரனியல் தராசு. சமையலறைத் தராசுகளில் பல முழுக் கிராம்களை மட்டுமே காட்டும். அதிலும் செய்யலாம், ஆனால் கடைசிக் கணக்கு அவ்வளவு அழகாக வராது.

மின்விசிறியை நிறுத்துங்கள், ஜன்னல்களைச் சாத்துங்கள். கச்சான் காற்று வீசும் மாதங்களில் இதை மறந்தால் தராசின் எண் ஓரிடத்தில் நிற்காது. தராசை மேசையின் முன்விளிம்பில் வையுங்கள், இல்லாவிட்டால் ஊதிய பலூன் எண்ணை மறைத்துவிடும்.

முதலில் பாதுகாப்பு

இதைக் காணொளியின் தொடக்கத்திலேயே பேசிவிடுங்கள். கீழே எழுத்தாகப் போட்டால் யாரும் வாசிப்பதில்லை.

> ரீச்சர்: "கண்ணாடி போட்டாச்சா? முகத்தைப் போத்தலின் வாய்க்கு நேரே கொண்டு போகாதீங்க. முக்கியமான விஷயம் ஒன்று: இந்தப் போத்தலை மூடியால் இறுக்கி மூடவே கூடாது. வாயு வெளியேற வழியில்லை என்றால் போத்தல் வெடிக்கும். பலூன் விரியும், மூடி விரியாது."

இறப்பர் ஒவ்வாமை உள்ள பிள்ளை பலூனைத் தொட வேண்டாம். ஆய்வுகூடத்தில் அடர் அசற்றிக்கமிலம் இருந்தாலும் அதை எடுக்காதீர்கள். அது தோலைச் சுட்டுவிடும், இந்தச் செய்முறைக்குத் தேவையும் இல்லை.

காட்சி 1: போத்தலும் பலூனும்

கடதாசியைக் கூம்பாகச் சுருட்டி, அதன் வழியாக அப்பச்சோடாவை ஒரு பலூனுக்குள் கொட்டுங்கள். போத்தலில் வினாகிரியை ஊற்றி, வாய்ப்பகுதியை உள்ளும் புறமும் துடைத்துவிடுங்கள். ஈரம் இருந்தால் தூள் அங்கேயே ஒட்டிக்கொள்ளும். அப்புறம் பலூனை வாயில் மாட்டி, பக்கவாட்டில் தொங்க விடுங்கள். தூள் இன்னும் பலூனுக்குள்தான் இருக்க வேண்டும். முழுவதையும் தராசில் வைத்து எண்ணை அருகிலிருந்து படம் பிடியுங்கள். உதாரணத்துக்கு 242.0 கிராம் என்று வைத்துக்கொள்வோம்.

> ரீச்சர்: "இப்ப பலூனைத் தூக்கினால் தூள் உள்ளே விழும், வாயு வரும், பலூன் ஊதும். எதுவும் வெளியே போகாது. தராசு என்ன காட்டும்? கூடுமா, குறையுமா, அப்படியே இருக்குமா?"
>
> திரையில்: இங்கே நிறுத்துங்கள். விடையையும் காரணத்தையும் கொப்பியில் எழுதுங்கள்.

இந்த இடத்தில் பத்து விநாடியாவது அசையாத திரை இருக்கட்டும். காரணத்தை எழுதச் சொல்வதை விட்டுவிடாதீர்கள். "அப்படியே இருக்கும், திணிவு மாறாது" என்று எழுதியவர்களுக்குத்தான் அடுத்த நிமிடம் சுவையாக இருக்கும்.

ஒரு கையால் பலூனின் கழுத்தைப் போத்தலோடு அழுத்திப் பிடித்து, மறு கையால் பலூனை நிமிர்த்துங்கள். பிடிக்காவிட்டால் கழன்று பறக்கும். நுரை அடங்க இரண்டு மூன்று நிமிடம் எடுக்கும். போத்தலை மெதுவாகச் சுழற்றி மீதித் தூளையும் கரைத்துவிடுங்கள். வெள்ளைத் தூள் அடியில் தங்கினால் இன்னும் கொஞ்சம் சுழற்றுங்கள். கையை எடுத்துவிட்டு எண்ணைப் பாருங்கள். பலூன் மேசையையோ சுவரையோ தொடக்கூடாது.

தராசு 239.6 கிராமுக்கு அருகில் காட்டும். இரண்டரைக் கிராம் அளவு காணாமல் போயிருக்கும்.

> மாணவி: "ரீச்சர், காற்று கசிஞ்சிட்டுது போல."

இந்தச் சந்தேகம் நியாயமானது, அதனால் அதை வெட்டிவிடாதீர்கள். கழுத்தைச் சுற்றி விரலால் சவர்க்கார நீர் தடவிக் குமிழி வருகிறதா என்று காட்டுங்கள். பிறகு நீரைத் துடைத்துவிட்டு, ஐந்து நிமிடம் எண்ணைப் பார்த்திருங்கள். கசிவு என்றால் பலூன் சுருங்கிக்கொண்டே போகும், எண்ணும் மாறிக்கொண்டே இருக்கும். அநேகமாக இரண்டும் அசையாது. மறுநாள் வரை வைத்திருந்து பார்க்க வேண்டாம். காபனீரொட்சைட்டு மெல்லிய இறப்பருக்கூடாகவே மெல்ல வெளியேறிவிடும்.

காட்சி 2: வெறும் காற்று

அளவுநாடாவால் ஊதிய பலூனின் சுற்றளவை அளங்கள். 50 சென்ரிமீற்றர் என்று வைத்துக்கொள்வோம். இப்போது இரண்டாவது பலூனை ஊதாமல் நிறுத்து எழுதுங்கள்.

> ரீச்சர்: "இதுக்குள்ள பம்பால் காற்றடிச்சு அதே 50 சென்ரிமீற்றர் அளவுக்குக் கொண்டு வரப்போகிறேன். ஏறத்தாழ இரண்டரைக் கிராம் காற்று உள்ளே போகும். எடை எவ்வளவு கூடும்?"
>
> திரையில்: இங்கே நிறுத்துங்கள்.

வாயால் ஊத வேண்டாம், மூச்சின் ஈரம் கணக்கைக் குழப்பும். முடிச்சுப் போட்டு நிறுங்கள். எண் அநேகமாக மாறாது, கூடினாலும் 0.1 கிராம் அளவில்தான் இருக்கும். அந்தச் சிறு கூடுதலும் இறப்பர் உள்ளிருக்கும் காற்றைச் சற்று நெருக்கி வைத்திருப்பதால் வருவது.

விளக்கம்

கிணற்று நீருக்குள் இருக்கும் வரை வாளி கனப்பதில்லை, நீர்மட்டத்துக்கு மேலே வந்ததும் கை இழுபடும். நீர் வாளியை மேலே தாங்குவதுபோல் காற்றும் பொருள்களைத் தாங்குகிறது. ஆக்கிமிடீசு தத்துவம் காற்றுக்கும் பொருந்தும்: ஒரு பொருள் எவ்வளவு காற்றை இடம்பெயர்க்கிறதோ, அந்தக் காற்றின் நிறைக்குச் சமமான மேலுதைப்பு அதன்மீது இருக்கும். இரண்டாவது பலூனில் உள்ளே போன காற்றின் நிறையும் மேலுதைப்பும் ஏறத்தாழ ஒன்றையொன்று ஈடுசெய்துவிட்டன.

முதல் பலூனுக்குக் கணக்குப் போடுவோம். சுற்றளவு 50 சென்ரிமீற்றர் என்றால் ஆரை சுமார் 8 சென்ரிமீற்றர், கனவளவு சுமார் 2.1 லீற்றர். எங்கள் 30 பாகை வெக்கையில் ஒரு லீற்றர் காற்றின் திணிவு 1.15 கிராம் அளவு. பெருக்கினால் 2.4 கிராம். தராசில் குறைந்ததும் 242.0 - 239.6 = 2.4 கிராம்.

> ரீச்சர்: "ஆக, திணிவு எங்கேயும் போகவில்லை. சோடியம் இருகாபனேற்றும் அசற்றிக்கமிலமும் சேர்ந்து சோடியம் அசற்றேற்று, நீர், காபனீரொட்சைட்டு ஆகின. எல்லாமே போத்தலுக்கும் பலூனுக்கும் உள்ளேதான் இருக்கு. மாறினது கனவளவு. பலூன் பெருத்ததும் காற்று அதைக் கூடுதலாகத் தாங்கிச்சு."

சமன்பாட்டைத் திரையில் இப்படிக் காட்டுங்கள்:

```
NaHCO3 + CH3COOH → CH3COONa + H2O + CO2
```

உங்கள் எண்கள் இப்படியே பொருந்தாது. பலூன் சரியான கோளம் அல்ல, அதனால் கனவளவில் பத்து வீதம் பிசகுவது சாதாரணம். குறைவு 3 கிராமைத் தாண்டினால் உண்மையான கசிவைத் தேடுங்கள். 8 கிராம் தூளிலிருந்து வரக்கூடிய காபனீரொட்சைட்டு மொத்தமே சுமார் 4.2 கிராம், குறைவு அதை நெருங்கினால் வாயு ஏறத்தாழ முழுவதும் போய்விட்டது என்று பொருள்.

படப்பிடிப்பு முடிந்ததும் ஜன்னலைத் திறந்து, கழுத்தைக் கிள்ளிப் பிடித்து வாயுவை மெல்ல வெளியே விடுங்கள். யாரும் அதை உறிஞ்சி விளையாடக்கூடாது. திரவத்தை நீர் விட்டுத் தொட்டியில் ஊற்றலாம். பலூன்கள் குப்பைத் தொட்டிக்கு, கடற்கரைக்கு அல்ல.