பிறந்த ஆண்டு மட்டும் இருந்தால் வயது ஏன் தப்பாகிறது? விக்கித்தரவில் ஜனவரி 1-ஐக் கண்டுபிடித்துச் சரிசெய்வது

விக்கிப்பீடியாவின் சகோதரத் திட்டமான விக்கித்தரவு என்ற திறந்த தரவுத்தளத்திலிருந்து கணிதவியலாளர்களின் பிறப்பு, இறப்புத் தேதிகளை எடுத்து விரிதாளில் போட்டால், ஜனவரி 1-ஆம் தேதி பிறந்தவர்கள் ஏராளமாக இருப்பார்கள். அவர்களில் பெரும்பாலோருக்குப் பிறந்த ஆண்டு மட்டுமே தெரியும். மாதமும் நாளும் இல்லாத இடத்தில் வினவல் சேவை 01-01 என்று நிரப்பித் தருகிறது. தேதி என்றால் ஆண்டு, மாதம், நாள் மூன்றும் இருந்தே ஆகவேண்டும் என்பது அதன் வடிவத்துக்கு உள்ள கட்டாயம். அந்தத் தேதியை அப்படியே நம்பி வயது போட்டால் பல வரிசைகளில் ஒரு வயது கூடிவிடும்.

இந்தப் பிழையைக் கண்டுபிடித்து, வயதை "குறைந்தபட்சம் இவ்வளவு, அதிகபட்சம் இவ்வளவு" என்று கணக்கிடுவதுதான் இங்கே வேலை. விரிதாளில் சூத்திரம் எழுதத் தெரிந்தால் போதும்.

முதலில் பிழையைக் கண்ணால் பார்ப்போம்

விடை தெரிந்த ஒருவரை எடுத்துக்கொள்வோம். சீனிவாச இராமானுசன் 22 டிசம்பர் 1887-இல் பிறந்து 26 ஏப்ரல் 1920-இல் மறைந்தார். வயது 32. இப்போது அவருடைய பிறந்த நாளை மறைத்து, 1887 என்பதை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். கணினி அதை 1 ஜனவரி 1887 என்று எடுத்துக்கொண்டு 33 என்று சொல்லும்.

ஐன்ஸ்டைனுக்கு இதையே செய்தால் பிழை தெரியாது. அவர் பிறந்தது 14 மார்ச் 1879, மறைந்தது 18 ஏப்ரல் 1955, வயது 76. 1 ஜனவரி 1879 என்று வைத்தாலும் 76 தான் வரும். இறந்த ஆண்டில் அவருடைய பிறந்தநாள் ஏற்கெனவே வந்துபோய்விட்டது, இராமானுசனுக்கு வரவில்லை. இரண்டு பேருக்கும் உள்ள வித்தியாசம் இவ்வளவுதான்.

இதில் கவனிக்க வேண்டியது, பிழை எப்போதும் ஒரே பக்கம்தான் சாயும். ஓர் ஆண்டுக்குள் ஜனவரி 1-ஐ விட முந்தைய நாள் கிடையாது. எனவே இறந்த தேதி சரியாகத் தெரிந்து, பிறந்த ஆண்டு மட்டும் தெரிந்தால், கிடைக்கும் வயது சரியாக இருக்கும் அல்லது ஒன்று கூடுதலாக இருக்கும், குறையாது. ஜனவரி முதல் வாரத்தில் இறந்தவர்களில் ஏறக்குறைய எல்லோருக்கும் ஒன்று கூடும். ஜூலைத் தொடக்கத்தில் இறந்தவர்களில் பாதிப் பேருக்குக் கூடும். டிசம்பர் கடைசியில் இறந்தவர்களுக்கு அநேகமாகச் சரியாக வரும். ஆயிரக்கணக்கான வரிசைகளின் சராசரி எடுத்தாலும் இது சமன்படாது. பட்டியலில் 40 சதவீதம் பேருக்கு ஆண்டு மட்டுமே தெரியும், இறப்புகள் ஆண்டு முழுக்கப் பரவலாக இருக்கின்றன என்றால், அந்த 40 சதவீதத்தில் சராசரியாக அரை வயது கூடும். மொத்தச் சராசரி 0.2 ஆண்டு மேலே போய்விடும்.

பிறந்த தேதி முழுதாகத் தெரிந்து, இறந்த ஆண்டு மட்டும் தெரிந்தால் தலைகீழ்: வயது சரியாக இருக்கும் அல்லது ஒன்று குறையும். பிறந்த ஆண்டிலேயே இறந்த குழந்தைக்கு, பிறப்பதற்கு முன்பே இறந்ததாகக்கூடக் கணக்கு வரும். விரிதாளில் `DATEDIF` பயன்படுத்துபவர்களுக்கு அந்த இடத்தில் `#NUM!` கிடைக்கும். அதைப் பார்த்துப் பதற வேண்டாம். சத்தம் போடும் பிழையாவது கண்ணில் படுகிறது, 32-க்குப் பதில் 33 வருவதுதான் படுவதில்லை.

படி 1: தேதியோடு துல்லியத்தையும் எடுங்கள்

விக்கித்தரவில் ஒவ்வொரு தேதியோடும் துல்லியம் என்ற ஓர் எண் சேமிக்கப்பட்டிருக்கிறது. 11 என்றால் நாள்வரை தெரியும். 10 என்றால் மாதம்வரை. 9 என்றால் ஆண்டு மட்டும். 8 என்றால் எந்தப் பத்தாண்டு என்பது மட்டும், 7 என்றால் நூற்றாண்டு. பிரச்சினை என்னவென்றால், எல்லோரும் எழுதும் `wdt:P569` என்ற சுருக்க வழியில் இந்த எண் வராது. தேதி மட்டும் வரும். இராமானுசன் மாதிரி முழுத் தேதி உள்ளவரும், ஆண்டு மட்டும் உள்ளவரும் வெளியீட்டில் ஒரே மாதிரிதான் தெரிவார்கள்.

எனவே நீண்ட வழியில் போக வேண்டும். query.wikidata.org-இல் இதை ஒட்டி இயக்குங்கள்:

```
SELECT ?p ?bt ?bp ?dt ?dp WHERE {
  ?p wdt:P106 wd:Q170790 ;
     p:P569 ?b ; p:P570 ?d .
  ?b a wikibase:BestRank ; psv:P569 ?bv .
  ?d a wikibase:BestRank ; psv:P570 ?dv .
  ?bv wikibase:timeValue ?bt ;
      wikibase:timePrecision ?bp .
  ?dv wikibase:timeValue ?dt ;
      wikibase:timePrecision ?dp .
}
LIMIT 1000
```

P569 பிறந்த தேதி, P570 இறந்த தேதி, Q170790 கணிதவியலாளர். `?bp`, `?dp` இரண்டும்தான் நமக்கு வேண்டிய துல்லிய எண்கள். ஒருவருக்கு இரண்டு பிறந்த தேதிகள் சம தரத்தில் பதிவாகியிருந்தால் அவர் இரண்டு வரிசையில் வருவார். எண்ணிக்கை எடுப்பதற்கு முன் அதைப் பாருங்கள்.

முடிவை CSV கோப்பாக இறக்கி விரிதாளில் திறந்தால், A முதல் E வரை ஐந்து நெடுவரிசைகள் இருக்கும்.

படி 2: கணக்கிட முடியாதவற்றை ஒதுக்குங்கள்

C அல்லது E-இல் 9-க்குக் கீழே உள்ள வரிசைகளை வேறு தாளுக்கு மாற்றிவிடுங்கள். பத்தாண்டு மட்டும் தெரிந்தவருக்கு வயது போடுவது பத்து வயதுக்கு இடம்விட்ட ஊகம். தேதி காலியாக அல்லது வேறு வடிவத்தில் வந்திருக்கும் வரிசைகளும், கி.மு. தேதிகளும் அங்கேயே போகட்டும்.

படி 3: தேதியை எட்டு இலக்க எண்ணாக்குங்கள்

விரிதாளின் தேதி வசதியை இங்கே நம்பாதீர்கள். எக்செல் 1900-க்கு முந்தைய தேதிகளைத் தேதியாகவே ஏற்காது. `DATE(1887,1,1)` என்று எழுதினால் 1887-ஓடு 1900-ஐக் கூட்டி 3787-ஆம் ஆண்டு என்று எடுத்துக்கொள்ளும். அதனால் 22 டிசம்பர் 1887-ஐ 18871222 என்ற சாதாரண எண்ணாக மாற்றிக்கொள்வோம். F2-இல்:

```
=VALUE(SUBSTITUTE(LEFT(B2,10),"-",""))
```

1000-க்கு முந்தைய ஆண்டுகளுக்கு முன்னால் உள்ள 0 போய் இலக்கம் குறையும், அது பிழையில்லை. மற்றவற்றில் எட்டு இலக்கம் வரவில்லை என்றால், கோப்பைத் திறக்கும்போது விரிதாள் தேதியைத் தானாக மாற்றிவிட்டது என்று பொருள். B, D இரண்டையும் எழுத்து வடிவில் மறுபடி இறக்குங்கள்.

படி 4: முந்தைய எல்லை, பிந்தைய எல்லை

G2-இல் அவர் பிறந்திருக்கக்கூடிய முதல் நாள், H2-இல் கடைசி நாள்:

```
=IF(C2=11,F2,IF(C2=10,INT(F2/100)*100+1,INT(F2/10000)*10000+101))
=IF(C2=11,F2,IF(C2=10,INT(F2/100)*100+31,INT(F2/10000)*10000+1231))
```

துல்லியம் 9 என்றால் G-இல் ஜனவரி 1, H-இல் டிசம்பர் 31 வரும். மாதம்வரை தெரிந்தால் எந்த மாதமானாலும் 31 என்றே வைக்கிறோம். பிப்ரவரி 31 என்று எண் வந்தாலும் ஒப்பிடுவதற்கு அது தடையில்லை. துல்லியம் 9 என்று சொல்லிவிட்டு உள்ளே வேறொரு மாதமும் நாளும் வைத்திருக்கும் பதிவுகளும் இருக்கலாம். அதனால்தான் F-ஐ நேரடியாக எடுக்காமல் G-இல் மறுபடி ஆண்டின் தொடக்கத்துக்குக் கொண்டுவருகிறோம்.

இதே மூன்று சூத்திரங்களை D, E-ஐக் கொண்டு I, J, K-இல் இறப்புக்கும் எழுதுங்கள்: I-இல் எண், J-இல் முதல் நாள், K-இல் கடைசி நாள்.

படி 5: இரண்டு வயதுகள்

L2 குறைந்தபட்ச வயது, M2 அதிகபட்ச வயது:

```
=MAX(0,INT((J2-H2)/10000))
=INT((K2-G2)/10000)
```

இராமானுசனை முழுத் தேதியோடு போட்டுப் பாருங்கள்: 19200426-இலிருந்து 18871222-ஐக் கழித்தால் 329204, பத்தாயிரத்தால் வகுத்து முழு எண்ணை எடுத்தால் 32. ஆண்டை மட்டும் வைத்தால் M-இல் 33, L-இல் 32 வரும். உண்மையான 32 இந்த இரண்டுக்குள் இருக்கிறது. ஐன்ஸ்டைனுக்கு 75, 76 என்று வரும், உண்மை 76. உங்கள் தாளில் இந்த நான்கு எண்களும் வந்தால் சூத்திரம் சரி.

பட்டியலில் எழுதும்போது "32 அல்லது 33" என்று எழுதுங்கள், நடுவில் 32.5 என்று போடாதீர்கள். "60 வயதைத் தாண்டியவர்கள்" போன்ற வடிகட்டலில் L 60 அல்லது அதற்கு மேல் என்றால் உறுதியாக உள்ளே. M 60-க்குக் கீழ் என்றால் உறுதியாக வெளியே. L 59, M 60 என்று வருபவர்களைத் தனியாக எண்ணுங்கள்.

படி 6: பொய்யான ஜனவரி 1

ஜனவரி 1 எல்லாவற்றையும் தூக்கி எறிந்தால் சத்யேந்திரநாத் போஸ் போய்விடுவார். அவர் உண்மையாகவே 1 ஜனவரி 1894-இல் பிறந்தவர். எனவே எதை ஒதுக்குவது என்று துல்லிய எண்ணைப் பார்த்து முடிவு செய்ய வேண்டும். ஜனவரி 1 என்ற தேதியை வைத்து முடிவு செய்யக்கூடாது.

துல்லிய எண்ணும் ஏமாற்றும் இடம் ஒன்று உண்டு. வேறொரு தரவுத்தளம் ஆண்டு மட்டும் தெரிந்தவருக்கு 01-01 என்று நிரப்பி வைத்திருந்து, அதை ஒருவர் விக்கித்தரவுக்குத் துல்லியம் 11-ஓடு ஏற்றிவிட்டால், அதை உண்மையான பிறந்தநாளிலிருந்து எந்தச் சூத்திரமும் பிரிக்காது. மொத்தமாக எண்ணித்தான் மோப்பம் பிடிக்க வேண்டும். C-இல் 11 உள்ள வரிசைகளை மட்டும் வைத்து இதை இயக்குங்கள்:

```
=COUNTIFS(C2:C1001,11,B2:B1001,"*-01-01T*")/COUNTIF(C2:C1001,11)
```

பிறப்புகள் ஆண்டு முழுக்கச் சீராக இருந்தால் விடை 1/365, அதாவது 0.27 சதவீதத்தை ஒட்டி இருக்கும். ஆயிரம் பேரில் மூன்று பேர் அளவு. அதுவே முப்பது பேர் என்றால் பெரும்பாலானவை நிரப்பப்பட்டவை. அந்தப் பதிவுகளைத் திறந்து மேற்கோளைப் பாருங்கள். பல பதிவுகளில் ஒரே மூலம் இருந்தால் கோளாறு அங்கிருந்துதான் வந்திருக்கிறது. அந்த மூலம் ஆண்டை மட்டும் சொன்னால் துல்லியத்தை 9-க்கு இறக்கலாம். மூலமே 1 ஜனவரி என்று எழுதியிருந்தால், இன்னொரு மூலம் கிடைக்கும்வரை அதைத் தொடாதீர்கள்.

நீங்கள் புதிதாகப் பதியும்போது தேதிப் பெட்டியில் 1887 என்று மட்டும் தட்டுங்கள், துல்லியம் தானாக ஆண்டு என்று அமையும். பல பதிவுகளை ஒரே நேரத்தில் ஏற்றும் கருவியான குவிக்ஸ்டேட்மென்ட்ஸ் வழியாக மொத்தமாக ஏற்றினால் கடைசியில் இருக்கும் 9-ஐ விடாதீர்கள்:

```
+1887-00-00T00:00:00Z/9
```

அந்த 9 இருக்க வேண்டிய இடத்தில் 11 போனால், ஒரே ஏற்றத்தில் நூற்றுக்கணக்கானவர்களுக்கு இல்லாத பிறந்தநாள் உண்டாகிவிடும். அடுத்த ஜனவரி 1-இல் "இன்று பிறந்தவர்கள்" பட்டியலில் அவர்கள் எல்லோரும் வந்து நிற்பார்கள்.