மூணு வருஷம் ஓட்டிட்டா எல்லாம் கவர் ஆயிடுமா?

ஹெல்த் இன்சூரன்ஸ் எடுத்த பலரும் "மூணு வருஷம் ஓட்டிட்டா எல்லா நோயும் கவர் ஆயிடும்" என்று நம்பிக்கொண்டிருக்கிறார்கள். செல்லூரில் கடை வைத்திருக்கும் என் சித்தப்பாவும் அப்படித்தான் நம்பினார். எட்டு வருடமாகச் சுகர் மாத்திரை போடுகிறவர். பாலிசி எடுக்கும்போது ஏஜென்ட், "சுகர்னு போட்டா பிரீமியம் ஏறும்ணே, விடுங்க" என்று சொல்லி அந்தக் கேள்விக்கு 'இல்லை' என்று போட்டுவிட்டார். சித்தப்பா படிக்காமல் கையெழுத்துப் போட்டார்.

நாற்பதாவது மாதம் காலில் புண் சீழ் பிடித்து ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். எத்தனை வருஷமா சுகர் என்று டாக்டர் கேட்க, சித்தி உள்ளதைச் சொன்னார், அது அப்படியே டிஸ்சார்ஜ் சம்மரியில் ஏறியது. பாலிசிக்கு மூன்றேகால் வயது, சுகருக்கு அதைவிட மிக அதிகம் என்று கம்பெனிக்கு அந்த ஒரு தாளிலேயே தெரிந்துவிட்டது. கிளெய்ம் மறுப்பு.

"36 மாதம் முடிந்துவிட்டதே!" என்று சித்தப்பா கேட்டார். பாலிசியில் Excl01 என்ற எண்ணோடு இருக்கும் பகுதியைக் கடைசிவரி வரை படித்தால் பதில் அங்கேயே இருக்கிறது: பாலிசி எடுக்கும் முன்பே இருந்த நோய்க்குப் பணம் கிடைக்காத காத்திருப்புக் காலம் முடிந்தபின் கவர் ஆவது, விண்ணப்பத்தில் சொல்லி கம்பெனி ஏற்றுக்கொண்ட நோய்க்குத்தான். சொன்ன நோய்க்குத்தான் காத்திருப்பு ஓடும், மறைத்த நோய்க்கு ஓடவே ஓடாது. சித்தப்பா சுகர் என்று எழுதி, கொஞ்சம் பிரீமியம் கூடக் கட்டியிருந்தால், நாற்பதாவது மாதத்தில் வந்த அதே புண்ணுக்கு, 36 மாதக் காரணத்தைக் காட்டிப் பணத்தை மறுத்திருக்க முடியாது. இந்தக் காத்திருப்பு 36 மாதத்தைத் தாண்டக் கூடாது என்பது 2024-ல் வந்த விதி.

கண்புரை, ஹெர்னியா, மூட்டு மாற்று மாதிரியானவற்றுக்குத் தனிப் பட்டியலும் தனிக் காத்திருப்பும் உண்டு, பெரும்பாலும் 24 மாதம். அந்தப் பட்டியலில் இருப்பதே உங்களுக்குப் பழைய நோயாகவும் இருந்தால், இரண்டு காத்திருப்பில் நீளமானதே கணக்கு.

ஐந்து வருடம் விடாமல் புதுப்பித்தபின், அதாவது 60 மாதம் கழித்து, 'சொல்லாமல் விட்டாய்' என்று கம்பெனி கிளெய்மை மறுக்க முடியாது என்பதும் உண்மைதான். ஆனால் மோசடி என்று நிரூபித்தால் அந்தப் பாதுகாப்பு கிடையாது. அதை நம்பி மறைக்காதீர்கள். நடுவில் காப்பீட்டுத் தொகையைக் கூட்டினால், கூட்டிய தொகைக்கு எல்லாக் கணக்கும் அன்றிலிருந்துதான்.

புதுப் பாலிசி கைக்கு வந்ததும் உங்கள் விண்ணப்ப நகலைத்தான் முதலில் பாருங்கள், ஒவ்வொரு கேள்விக்கும் என்ன பதில் பதிந்திருக்கிறது என்று. தவறு இருந்தால் ஏஜென்டுக்குப் போனில் சொல்வதோடு விடாமல் கம்பெனிக்கே மெயிலில் எழுதுங்கள், பதிலைப் பத்திரமாக வையுங்கள். அவர்கள் பிரீமியத்தைக் கூட்டி, அது உங்களுக்குக் கட்டுப்படியாகவில்லை என்றால், பாலிசி கிடைத்த 30 நாளுக்குள் வேண்டாம் என்று திருப்பிக் கொடுத்துவிடலாம்.