கட்டியும் நிலுவையில் நின்ற ஃபீஸ்

கொழிஞ்சாம்பாறையில் இருக்கிறோம். பெரியவள் ஏழாவது, சின்னவன் மூன்றாவது, இருவரும் ஒரே பள்ளி. ஜூன் மாதம் சின்னவனுக்கு ஃபீஸ் 8,400 ரூபாய் பள்ளி ஆப்பில் கட்டினேன். வங்கியில் பணம் போய்விட்டது. இரண்டு நாள் கழித்தும் அவன் பெயரில் நிலுவை அப்படியே நின்றது.

திரும்பக் கட்டத்தான் கை போனது. "கட்டாதீங்க, கட்டின ரசீதை முதல்ல பாருங்க" என்றாள் மனைவி. ரசீதில் மகளின் அட்மிஷன் எண்! இரு பிள்ளைகளுக்கும் என் ஒரே மொபைல் எண் என்பதால், ஆப் திறந்ததும் மூத்தவள் கணக்குதான் முன்னால் வருகிறது. நான் மேலே பெயரைப் பார்க்காமல் கட்டிவிட்டேன்.

பள்ளி அலுவலகத்தில் ஸ்கிரீன்ஷாட்டை நீட்டினேன். அங்கே இருந்த சேச்சி அதை ஏறெடுத்தும் பார்க்கவில்லை, ஸ்கிரீன்ஷாட்டை யார் வேண்டுமானாலும் திருத்திவிடலாமாம். யூபிஐ ஆப்பில் இருக்கும் 12 இலக்க UTR எண்ணைக் கேட்டார். அதைத் தன் பட்டியலில் தேடி, பணம் பள்ளிக் கணக்கில் விழுந்ததை உறுதி செய்துகொண்டு, சின்னவன் பெயருக்கு மாற்றிப் புது ரசீது கொடுத்தார்.

பணம் பள்ளிக்குப் போனதால்தான் இவ்வளவு சுலபம். இப்போதெல்லாம் யூபிஐ PIN போடும் திரையில் பெறுபவர் பெயரைப் பார்க்கிறேன். பள்ளி பெயரோ, ஃபீஸ் புத்தகத்தில் அச்சிட்ட நிறுவனப் பெயரோ இல்லாமல் தனி ஆள் பெயர் வந்தால் அங்கேயே நிறுத்திவிட்டு அலுவலகத்துக்கு போன் போடுவேன்.