கடையில் எடுத்த இரண்டு போட்டோவை வைத்து ஃபிரிட்ஜின் கரண்ட் செலவைக் கணக்குப் போடுவது எப்படி

போன மாதம் கடையில் நின்றுகொண்டே என் அக்கா வாட்ஸ்அப்பில் இரண்டு போட்டோ அனுப்பினாள். இரண்டு ஃபிரிட்ஜ், இரண்டிலும் ஸ்டார் ஒட்டிய லேபிள். "இதில் எது கரண்ட் கம்மியா எடுக்கும், சீக்கிரம் சொல்லு". அந்தக் கணக்கை அப்படியே இங்கே எழுதுகிறேன்.

முதலில் போட்டோ சரியா என்று பாருங்கள்

லேபிளில் ஸ்டார்தான் முதலில் கண்ணில் படும், ஆனால் நமக்கு வேண்டியது அதுவல்ல, "Units Per Year" என்பதோடு அச்சிட்ட எண். அது ஒரு வருடத்துக்கு அந்த ஃபிரிட்ஜ் எடுக்கும் யூனிட். பக்கத்திலேயே லிட்டர் அளவும் இருக்கும், அதுவும் மூன்று இலக்க எண் என்பதால் அவசரத்தில் அதை எடுத்துக் கணக்குப் போட்டுவிடுவார்கள்.

அக்கா அனுப்பிய போட்டோவில் கடை விளக்கு லேபிள் மேல் பளிச்சென்று அடித்திருந்தது. முதல் ஃபிரிட்ஜ் (3 ஸ்டார்) 196 என்று தெளிவாக இருந்தது. இரண்டாவது (2 ஸ்டார்) எனக்கு 218 என்று தெரிந்தது. சந்தேகமாக இருந்ததால் கொஞ்சம் பக்கவாட்டில் நின்று, ஃப்ளாஷ் இல்லாமல், லேபிள் முழுக்கத் தெரிகிற மாதிரி மறுபடி எடுக்கச் சொன்னேன். எண் 248. நடுவில் இருந்த 4 வெளிச்சத்தில் 1 போலத் தெரிந்திருக்கிறது. இந்த ஒரு இலக்கம் முடிவையே மாற்றிவிடும், கீழே பாருங்கள். மாடல் எண்ணும் போட்டோவில் விழுந்திருந்தால் BEE Star Label ஆப்பில் தேடியும் சரிபார்க்கலாம்.

அப்புறம், இரண்டும் ஒரே வகையா (ஃப்ராஸ்ட் ஃப்ரீ அல்லது டைரக்ட் கூல்), லிட்டர் கிட்டத்தட்ட ஒன்றா, லேபிள் எந்தக் காலத்துக்கானது என்று பாருங்கள். ஸ்டார் விதிகளை அவ்வப்போது கடுமையாக்குகிறார்கள், அதனால் பழைய ஸ்டாக்கில் இருக்கிற 3 ஸ்டாரும் புதிய 3 ஸ்டாரும் ஒன்றல்ல. அக்கா பார்த்த இரண்டும் ஒரே வகை, ஒரே காலம், அளவும் நெருக்கம்.

வித்தியாசத்தை மட்டும் எடுங்கள்

248 - 196 = 52 யூனிட், ஒரு வருடத்துக்கு. இதை ஒரு யூனிட் விலையால் பெருக்க வேண்டும். எந்த விலை என்பதில்தான் நிறைய பேர் தவறுகிறார்கள். பில் தொகையை மொத்த யூனிட்டால் வகுத்து வரும் சராசரியைப் போடாதீர்கள். தமிழ்நாட்டில் வீட்டு மின்சாரத்துக்கு குறிப்பிட்ட யூனிட் வரை இலவசம், அதற்கு மேல் போகப் போக ஸ்லாப் விலை ஏறும். ஃபிரிட்ஜ் மிச்சப்படுத்தும் யூனிட் உங்கள் பில்லின் உச்சியில் இருந்து குறைகிறது, அதனால் நீங்கள் தொடுகிற கடைசி ஸ்லாப்பின் விலைதான் பொருந்தும்.

உங்கள் பில்லில் இருக்கும் விலையைப் போடுங்கள், இங்கே கணக்கு எளிதாக இருக்க 6 ரூபாய் என்று வைக்கிறேன்.

```
52 × 6 = 312 ரூபாய் (ஒரு வருடத்துக்கு)
```

3 ஸ்டார் 2,800 ரூபாய் அதிக விலை. 2,800-ஐ 312-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 9 வருடம். தப்பாகப் படித்த 218-ஐ வைத்திருந்தால் வித்தியாசம் 22 யூனிட்தான், 132 ரூபாய், கூடுதல் விலை திரும்ப 21 வருடம் ஆகும். நானே "2 ஸ்டாரை வாங்கு" என்று சொல்லியிருப்பேன்.

இரண்டு மாத பில்லில் வைத்துப் பாருங்கள்

நம் பில் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை வருவதால் லேபிள் எண்ணை 6-ஆல் வகுங்கள். 196 என்பது பில்லுக்குச் சுமார் 33 யூனிட், 248 என்பது சுமார் 41. அக்கா வீட்டுப் பழைய ஃபிரிட்ஜ் பழுதாகி நின்றபின் வந்த பில்லில் 462 யூனிட். அதோடு 33 சேர்த்தால் 495, 41 சேர்த்தால் 503.

500-ஐத் தாண்டினால் அந்த மூன்று யூனிட்டுக்கு மட்டும் விலை ஏறாது, கீழே இருக்கும் யூனிட்டுகளில் கிடைத்த சலுகையும் போய்விடும். எட்டு யூனிட் வித்தியாசம் அங்கே அதன் விலையைவிட அதிகமாகப் பில்லை ஏற்றும். அக்காவுக்கு 3 ஸ்டாரை எடுக்கச் சொன்னது இதனால்தான். இதே இரண்டு ஃபிரிட்ஜ் 250 யூனிட் எடுக்கும் வீட்டுக்கு என்றால் ஸ்லாப் விலை குறைவு, 2,800 ரூபாய் திரும்ப இன்னும் பல வருடம் ஆகும், நான் 2 ஸ்டாரைத்தான் சொல்லியிருப்பேன்.

லேபிள் எண் சோதனைக்கூடத்தில் வந்தது. சூடான சமையலறை, அடிக்கடி திறக்கும் கதவு, சுவரோடு ஒட்டி வைத்த பின்பக்கம் எல்லாம் அதைக் கூட்டும். அதனால் 495 என்பது 500-க்குக் கீழே நிற்கும் என்று உறுதி சொல்ல முடியாது, சுவரில் இருந்து தள்ளி வைக்கச் சொல்லியிருக்கிறேன், அடுத்த பில் வந்ததும் அந்த எண்ணோடு ஒப்பிட்டுப் பார்க்கப் போகிறோம்.