மஞ்சளாக எரியும் கேஸ் அடுப்பு: துளை அடைப்பும் காற்றுத் தகடும்

தீ மஞ்சளாக, சோம்பலாக எரிந்து பாத்திரத்தின் அடியில் கரி பிடிக்கிறது என்றால், கேஸோடு கலக்க வேண்டிய காற்று போதவில்லை. முதலில் இரண்டு பர்னரையும் பற்றவைத்துப் பாருங்கள். இரண்டுமே மந்தமாக இருந்தால் ரெகுலேட்டர், ட்யூப், தீரப்போகும் சிலிண்டர் இவற்றைத்தான் சந்தேகப்பட வேண்டும். காசிமேட்டில் அக்கா வீட்டு அடுப்பில் சின்னது நீலமாக எரிந்தது, சோறு வடிக்கும் பெரியது மட்டும் மஞ்சள். கோளாறு பர்னரில்தான்.

கடலோர வீடுகளில் உப்புக் காற்றால் நீலத் தீயில் அங்கங்கே ஆரஞ்சுப் பொறி தெரியும். கரி பிடிக்காத வரை அதைக் கண்டுகொள்ள வேண்டாம்.

சரி, ரெகுலேட்டரை மூடுங்கள். அடுப்பு நன்றாக ஆறியதும் பர்னரைத் தூக்கி வெளிச்சத்தில் பிடியுங்கள். அக்கா வீட்டுப் பர்னரில் ஒரு பக்கத் துளைகளில் மட்டும் கஞ்சி பொங்கி வழிந்து, கருகி, கல்லாக இறுகியிருந்தது. பாத்திரம் தேய்க்கும் சோப்பு கலந்த வெந்நீரில் அரை மணி நேரம் ஊறவைத்து, பழைய டூத் பிரஷ்ஷால் தேயுங்கள். மிச்ச அடைப்பை ஊக்கு முனையால் ஒவ்வொரு துளையாக நேராகக் குத்தி எடுங்கள். குடைய வேண்டாம், துளை பெரிதாகிவிடும். கழுவிய பின் நன்றாகக் காயட்டும். ஈரம் இருந்தால் தீ படபடவென்று துடிக்கும்.

பர்னர் உட்காரும் குழாய்க்குள்ளும் டார்ச் அடித்துப் பாருங்கள். சிலந்தி வலையோ கரப்பான் முட்டையோ இருந்தாலும் காற்று தடைபடும். பாட்டில் பிரஷ் போதும். குழாயின் முனையில் கேஸ் வரும் குட்டி ஜெட்டில் மட்டும் ஊசி வைக்காதீர்கள். அந்த ஓட்டை கொஞ்சம் அகன்றாலும் கேஸ் கூடுதலாக வந்து மஞ்சள் இன்னும் மோசமாகும். அதை மெக்கானிக்கிடம் விடுங்கள்.

அப்புறம் பர்னரை ஆடாமல் பொருத்திப் பற்றவையுங்கள். இன்னும் மஞ்சள் நுனி தெரிந்தால்தான் காற்றுத் தகடு பக்கம் போக வேண்டும். அடுப்புக்கு அடியில், ஜெட் குழாய்க்குள் நுழையும் இடத்தில் திருகோடு ஒரு சின்னத் தகடு இருக்கும். எல்லா மாடலிலும் இருக்காது. தீயை அணைத்து, ஆறவிட்டு, திருகைத் தளர்த்தி, தகட்டை நூலளவு திறந்து மறுபடி பற்றவையுங்கள். தீ துளையை விட்டு எழும்பி உஸ்ஸென்று இரைந்தால் திறந்தது அதிகம், கொஞ்சம் மூடுங்கள். துளைமேலேயே உட்கார்ந்த கூர்மையான நீலக் கூம்புகள் வந்ததும் திருகை இறுக்குங்கள். அக்கா வீட்டில் தகடு பாதிக்கு மேல் மூடிக் கிடந்தது.

கடைசியாக சிம்மில் வைத்துப் பாருங்கள். தீ அணைந்தாலோ, குழாய்க்குள் டப்பென்று உள்வாங்கினாலோ மேற்கொண்டு திருகாமல் மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். கேஸ் வாடை வந்தால் ரெகுலேட்டரை மூடி, ஜன்னலைத் திறந்து, எந்த சுவிட்சையும் தொடாமல் வெளியே வந்து 1906க்கு அழையுங்கள்.