புரொஜெக்டர் ஒளியில் எடுத்த முகத்தின் நிறத்தை மீட்ட விதம்

தக்கலையில் ஒரு மண்டபத்தில், எங்கள் ஆசிரியரின் பணி நிறைவு விழாவில் எடுத்த படத்தில், அவருடைய வலக்கன்னம் புரொஜெக்டர் ஒளியால் நீலமாகவும், இடக்கன்னம் சுவரிலிருந்த குண்டு பல்பால் மஞ்சளாகவும் இருந்தது. படம் கேமரா பதிந்த தகவலை அப்படியே வைத்திருக்கும் ரா கோப்பாக இருந்ததால் நிறத்தை மாற்ற இடமிருந்தது.

புரொஜெக்டர் ஒளி விழுந்த வெள்ளைச் சட்டைக் காலரைத் திருத்தும் மென்பொருளில் தொட்டு, வெள்ளை வெள்ளையாகத் தெரியும்படி நிறத்தைச் சரிசெய்யும் ஒயிட் பேலன்ஸ் எடுத்தேன். வலப்பக்கம் இயல்பானது; ஆனால் நீலத்தைக் குறைக்கும் அதே திருத்தம் மஞ்சளைக் கூட்டுவதால், இடக்கன்னம் ஆரஞ்சாகியது. இரண்டு ஒளிகளை ஒரே அளவால் திருத்த முடியாது. ஆகவே நிழலாக இருந்த இடப்பக்கத்தை மட்டும் மென்மையான விளிம்புள்ள மாஸ்க்கால் பிரித்து, அங்கே நிற வெப்பநிலையை நீலப்பக்கம் நகர்த்தி, செறிவைச் சற்றுக் குறைத்தேன். மூக்கின் நடுவே இரு நிறங்களும் கோடு தெரியாமல் கலந்தால் போதும். இரு கன்னங்களையும் முற்றிலும் ஒன்றாக்கினால் முகம் தட்டையாகிவிடும்.

பிறகு அந்த மாஸ்க்கிலேயே எக்ஸ்போஷரை ஒரு ஸ்டாப், அதாவது ஒளியை இரு மடங்காக, உயர்த்தினேன். இருளிலிருந்து எழும் நிறப்புள்ளிகளை நிற நாய்ஸ் குறைப்பால் நீக்கிய பின்னரே, கண்களுக்கும் புருவங்களுக்கும் மட்டும் நுண்விவரங்களை எடுப்பாகக் காட்டும் டெக்ஸ்சரைக் கூட்டினேன். கன்னத்தில் கூட்டினால் மிச்சப் புள்ளிகளே கூர்மையாகும்.

நெற்றியில் முற்றிலும் வெளுத்துப்போன சிறு பகுதியில் எந்த விவரமும் பதிவாகாததால், அதை அப்படியே விட்டுவிட்டேன்.