ஒழுங்கில்லாத தவணைக் கடன்: உண்மையான வட்டியை XIRR கொண்டு கணக்கிடும் முறை

மாதாமாதம் ஒரே தொகை கட்டும் கடனுக்கு வட்டி கண்டுபிடிக்க ஆயிரம் கால்குலேட்டர்கள் உண்டு. வியாபாரம் நடக்கும்போது கட்டி, மந்தமாக இருக்கும்போது விட்டுப் பிடிக்கும் கடனுக்கு அவை உதவாது. அதற்கு எக்செல், கூகுள் ஷீட்ஸ் இரண்டிலும் உள்ள, தேதியையும் தொகையையும் வைத்து ஆண்டு வட்டி கண்டுபிடிக்கும் `XIRR` சூத்திரம் போதும். எதில் போட்டாலும் கவனமாக இருக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. அது தேதி, அதைக் கீழே விரிவாகச் சொல்கிறேன்.

கணக்குக்கு ஓர் உதாரணம். பினாங்கு லெபோ பாசாரில் ஒரு புடவைக் கடை. 2024 ஜனவரி 15 அன்று 12,000 ரிங்கிட் கடன். அதில் புரோசஸிங் கட்டணம் 300, முத்திரை வரி 60 பிடித்துக்கொண்டு, கையில் கொடுத்தது 11,640. பிறகு ஐந்து தடவையாக மொத்தம் 13,000 கட்டிக் கடன் தீர்ந்தது. "பன்னிரண்டாயிரத்துக்கு ஆயிரம்தானே கூட, எட்டே சொச்சம் வட்டி" என்று கடைக்காரர் நினைப்பார். அது எவ்வளவு தவறு என்று பார்ப்போம்.

முதலில் இரண்டு பத்திகள்

A-யில் தேதி, B-யில் தொகை. முதல் வரிசை தலைப்புக்கு. கைக்கு வந்த பணம் கூட்டல், கையை விட்டுப் போன பணம் கழித்தல்.

```
15/01/2024    11640
05/03/2024    -1500
13/05/2024    -2000
02/08/2024    -2500
10/10/2024    -3000
20/01/2025    -4000
```

முதல் தொகை 12,000 அல்ல, 11,640 என்பதைக் கவனியுங்கள். ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருந்தாலும், உங்கள் கைக்கோ வங்கிக் கணக்குக்கோ எவ்வளவு வந்தது என்பதுதான் இங்கே எழுத வேண்டிய எண். கழித்தல் குறிகளை மறந்து எல்லாவற்றையும் கூட்டலாகப் போட்டால் `#NUM!` வரும்.

தேதி: பெரும்பாலோர் விழும் பள்ளம்

நாம் நாள்/மாதம்/ஆண்டு என்று எழுதுகிறோம். கூகுள் ஷீட்ஸில் ஃபைலின் மொழியமைப்பு அமெரிக்காவுக்கு இருந்தால் அது மாதம்/நாள்/ஆண்டு என்று படிக்கும். விண்டோஸின் Region அமைப்பு அமெரிக்காவுக்கு இருந்தால் எக்செலும் அப்படித்தான்.

இதில் இரண்டு விதமாகக் கெடுதல் நடக்கும். 15/01/2024-ஐ அது படிக்கப் பார்க்கும், பதினைந்தாவது மாதம் கிடையாது என்பதால் வெறும் எழுத்தாக விட்டுவிடும். அப்போது `#VALUE!` வரும். இது நல்ல பிழை, பிழை என்றாவது தெரிகிறது. 05/03/2024-தான் ஆபத்து. மார்ச் 5-ஐ அது மே 3 என்று சத்தமில்லாமல் எடுத்துக்கொள்ளும். ஆகஸ்ட் 2 பிப்ரவரி 8 ஆகிவிடும். எழுத்தாக நின்ற வரிசைகளை மட்டும் திருத்திவிட்டு இவற்றை அப்படியே விட்டால் விடை 21.52% என்று வரும். சரியான விடை 18.65%. திரையில் எந்த எச்சரிக்கையும் இருக்காது.

கண்டுபிடிப்பது சுலபம். A பத்தி முழுவதையும் தேர்ந்தெடுத்து, தேதி வடிவத்தை `dd-mmm-yyyy` என்று மாற்றுங்கள். எக்செலில் Ctrl+1 அழுத்தி Custom-இல் இதைத் தட்டலாம். மாதத்தின் பெயர் எழுத்தில் தெரிந்துவிடும், 03-May-2024 என்று பார்த்ததுமே தவறு புரியும். வடிவத்தை மாற்றியும் அசையாமல் 15/01/2024 என்றே நிற்கும் கட்டம் தேதியே அல்ல, எழுத்து.

ஷீட்ஸில் File, பிறகு Settings போய் Locale-ஐ United Kingdom என்று மாற்றுங்கள். ஆனால் ஏற்கெனவே தவறாகப் படிக்கப்பட்ட தேதி இதனால் திருந்தாது. மே 3 மே 3-ஆகவேதான் இருக்கும். ஆகவே அமைப்பை மாற்றிய பின் தேதிகளை அழித்துவிட்டு மறுபடி தட்டுங்கள். எந்த அமைப்பையும் நம்ப விருப்பமில்லை என்றால் `=DATE(2024,3,5)` என்று எழுதுவது எங்கும் ஒரே மாதிரி வேலை செய்யும்.

சூத்திரம்

E1 கட்டத்தில்:

```
=XIRR(B2:B7, A2:A7)
```

0.1865 என்று வரும். சதவீத வடிவத்துக்கு மாற்றினால் 18.65%. முதல் தொகையை 11,640-க்குப் பதில் 12,000 என்று மாற்றிப் பாருங்கள், 13.14% ஆகிவிடும். எட்டு என்று நினைத்தது பதின்மூன்று ஆனதற்குக் காரணம், 12,000 ரிங்கிட்டும் ஆண்டு முழுவதும் அவர் கையில் இருக்கவில்லை. இடையிடையே திருப்பிக் கொடுத்துக்கொண்டே வந்தார். அதற்கு மேல் ஐந்தரைப் புள்ளி ஏறியது முழுக்க அந்த 360 ரிங்கிட்டால்தான். குறுகிய காலக் கடனில் முன்கூட்டியே பிடிக்கும் கட்டணம் இப்படித்தான் வட்டியை ஏற்றும்.

`IRR` போட்டால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. அது தேதியைப் பார்ப்பதே இல்லை, வரிசைக்கு வரிசை ஒரே இடைவெளி என்று எடுத்துக்கொள்ளும். இந்தக் கணக்குக்கு 3.27% என்று காட்டும். இங்கே இடைவெளி 50 நாளில் தொடங்கி 102 நாள் வரை போகிறது, அதனால் அந்த எண்ணை 12-ஆல் பெருக்கினாலும் 5-ஆல் பெருக்கினாலும் பொருளில்லை.

விடை சரிதானா?

C2-வில் `=B2` எழுதி, C3-இல் இதைப் போட்டு C7 வரை கீழே இழுங்கள்:

```
=C2*(1+$E$1)^((A3-A2)/365)+B3
```

ஒவ்வொரு தவணைக்குப் பிறகும் மிச்சக் கடன் எவ்வளவு என்று இது காட்டும். முதல் 1,500 கட்டியதும் சுமார் 10,416 நிற்கும், கடைசிக் கட்டம் சுழியத்துக்கு வர வேண்டும். வராவிட்டால் E1-ஐ நம்பாதீர்கள். எக்செல் சில சமயம் விடை கிடைக்காமலே 2.98E-09 என்று சுழியத்தை ஒட்டிய எண்ணைக் கொடுத்துவிடும். முதல் தொகை காலியாகவோ சுழியமாகவோ இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அது சரியாக இருந்தால் மூன்றாவதாக ஓர் ஊகத்தைச் சேர்த்துக் கொடுங்கள்: `=XIRR(B2:B7, A2:A7, 0.3)`. எதுவும் கொடுக்காவிட்டால் 10 சதவீதத்திலிருந்துதான் அது தேடத் தொடங்கும். வட்டி மிக அதிகமான கடனுக்கு 1, 2 என்று கூடப் போட்டுப் பார்க்கலாம்.

எதோடு ஒப்பிடுவது

XIRR தருவது வட்டிக்கு வட்டி சேர்ந்த ஆண்டு விகிதம். கிரெடிட் கார்டின் 18% அப்படியல்ல, மாதத்துக்கு 1.5 என்று கணக்கிட்டது. ஆகவே `=NOMINAL(E1,12)` போட்டு 17.22% ஆக்கிய பிறகு ஒப்பிடுங்கள். 1951-ஆம் ஆண்டு வட்டித்தொழில் சட்டம் ஈடில்லாக் கடனுக்கு வைத்திருக்கும் 18% வரம்போடு XIRR எண்ணை நேராக வைத்து "சட்டத்தை மீறிவிட்டார்கள்" என்று சொல்லக் கூடாது. அந்தச் சட்டத்தில் கூட்டு வட்டிக்கே இடமில்லை, அளவுகோல் வேறு.

பிற்சேர்க்கை: கடன் இன்னும் முடியவில்லை என்றால்

இது பலருக்கும் வரும் சந்தேகம். இதுவரை கட்டியதை மட்டும் எழுதினால் விகிதம் மிகக் குறைவாகவோ கழித்தலிலோ வரும். இன்றே கணக்கை முடிக்கக் கடன் கொடுத்தவர் கேட்கும் தொகையை, இன்றைய தேதியோடு கழித்தல் குறியில் கடைசி வரிசையாகச் சேருங்கள்.

நம் உதாரணத்தில் அக்டோபர் 10-க்கு 3,000 கட்டியதும் C6 சுமார் 3,813 என்று காட்டுகிறது. அன்றே முடிக்க 3,813 கேட்டால் வட்டி அதே 18.65%. "எப்படியும் நாலாயிரம்தானே பாக்கி, அதைக் கொடுங்கள்" என்று கேட்டால் XIRR 21.66% ஆகிறது. கட்டும் மொத்தத் தொகை அதே 13,000-தான், ஆனால் 4,000 ரிங்கிட் 102 நாள் முன்னதாகப் போய்விடுகிறது. அந்த 187 ரிங்கிட் தள்ளுபடியைக் கேட்டு வாங்கிய பிறகே கணக்கை முடியுங்கள்.